பிரதி வரிசைகளை நீக்கியபின் 70 பேரைக் காணவில்லை: ஆய்வு விரிதாளை எந்த முறைப்படி சுத்தம் செய்வது?

ஈசூன் தொண்டூழியர் · சனிக்கிழமை, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத் தொண்டூழியர் குழு 2025 ஏப்ரலில், தமிழ்மொழி விழாக் காலத்தில், வீட்டில் புழங்கும் மொழியைப் பற்றி ஒரு சிறிய கருத்தாய்வை நடத்தியது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் மேசை போட்டுத் தாள் படிவத்தில் 236 பேரிடமும், இணையப் படிவத்தில் 195 பேரிடமும் விடை வாங்கி, இரண்டையும் ஒரே விரிதாளில் சேர்த்தோம். மொத்தம் 431 வரிசைகள்.

சிலர் மேசையிலும் இணையத்திலும் இருமுறை நிரப்பியிருப்பார்கள் என்று எண்ணி, தொலைபேசி எண் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Remove duplicates` கொடுத்தேன். 70 வரிசைகள் நீங்கி 361 எஞ்சின. மறுநாள் குழுவிலிருந்த ஒரு தங்கை, தன் தாயார் மேசையில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் பட்டியலில் இல்லை என்றார். தேடிப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. அந்த அம்மாவுக்குக் கைப்பேசி கிடையாது, ஆகவே எண் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்திருக்கிறது.

பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறது, தாள்களும் இருக்கின்றன. ஆனால் நீங்கிய 70 பேரில் உண்மையான பிரதிகள் எத்தனை, தவறாக நீங்கியவர்கள் எத்தனை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே விரிதாளில் வயது நெடுவரிசையில் `1978`, `46`, `65`, `203` எல்லாம் கலந்து கிடக்கின்றன. எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதே எனக்கு விளங்கவில்லை.

பேரேடு · சனிக்கிழமை, இரவு 10.15

வணக்கம் அம்மா. நான் கணக்காளன், நாள்தோறும் விரிதாளோடுதான் வேலை. நீங்கள் ஒரே ஒரு நெடுவரிசையை வைத்து நீக்கியதுதான் பிழை. எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து `Remove duplicates` கொடுத்தால், முழு வரிசையும் ஒத்திருந்தால் மட்டுமே நீங்கும், யாரும் தவறாகப் போகமாட்டார்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்தெண்களைக் கேட்டு வாங்கி ஒப்பிடலாம். வயதைப் பொறுத்தவரை, சராசரியிலிருந்து மிக விலகி நிற்கும் எண்களை நீக்கிவிடுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி இருந்தால் அதிலும் 8க்கு மேல் உள்ளவற்றை எடுத்துவிடலாம்.

பழைய களப்பணியாளர் · ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30

ஈசூன் தங்கைக்கு வணக்கம். நான் கருத்தாய்வுப் படிவங்களைத் தட்டெழுதுவதிலும் சரிபார்ப்பதிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தொல்லைக்குக் காரணம், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததுதான். இருவர் ஒருவரா என்று முடிவு செய்ய, அவர்களுடைய பிறந்த ஆண்டு சரியாக இருக்க வேண்டும். தொலைபேசி எண் ஒரே வடிவில் இருக்க வேண்டும். அவை கலைந்து கிடக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் தவறான ஆள்தான் போவார்.

பேரேடு ஐயா சொன்னதில் பாதி சரி. ஒரு நெடுவரிசையை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தால் எதிர்ப்பக்கத்துப் பிழை வரும். இணையப் படிவத்தில் அனுப்பிய நேரம் தானாகப் பதிவாகிறது. ஒரே ஆள் நாற்பது விநாடி இடைவெளியில் இருமுறை அழுத்தியிருந்தாலும் அந்த ஒரு கட்டம் மாறிவிடும், ஆகவே ஒரு பிரதியும் பிடிபடாது. தாளில் ஒருமுறை, இணையத்தில் ஒருமுறை நிரப்பியவர் ஒரு சொல்லைக்கூட அப்படியே திருப்பி எழுதியிருக்கமாட்டார்.

அடையாள அட்டையைப் பற்றி: சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி நெறிகள்படி, 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினால் அல்லது ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்தாக வேண்டியிருந்தால் ஒழிய, அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது. கடைசிப் பகுதியை மட்டும் வாங்குவதும், மற்ற விவரங்களோடு சேரும்போது, ஆளை அடையாளம் காட்டும் தனிநபர் தரவுதான். வீட்டு மொழி ஆய்வுக்கு அது தேவையில்லை. இருக்கும் விவரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

இப்போது 70 வரிசைகள் எப்படிப் போயின என்று பாருங்கள். அந்தக் கட்டளைக்கு வெறுமையும் ஒரு மதிப்புதான். எண் எழுதாதவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களெல்லாம் ஒரே ஆள் என்று கொண்டு, முதலாமவரை வைத்துவிட்டு மற்றவர்களை நீக்கிவிடும். உங்கள் மூலக் கோப்பில் எண் இல்லாத வரிசைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். அடுத்து, ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களைப் பாருங்கள். மாமியார் தம் மருமகளின் எண்ணைக் கொடுத்திருப்பார். தாத்தா 6இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதியிருப்பார். இவ்விரு வகையிலும் போனவர்கள் பெரும்பாலும் மூத்தவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் ஆய்வின் முடிவே சாய்ந்திருக்கும், ஏனென்றால் வீட்டில் தமிழ் பேசுபவர்களும் அவர்கள்தாம்.

எதையும் நீக்காமல், மூல விரிதாளைப் பூட்டி வைத்துவிட்டு, படி ஒன்று எடுத்து அதில் புதிய நெடுவரிசைகளைச் சேர்த்து வேலை செய்யுங்கள். தொலைபேசி எண் C நெடுவரிசையில் இருப்பதாகக் கொண்டு, T நெடுவரிசையில் இதை எழுதுங்கள்:

```
=IF(C2="","",RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(C2," ",""),"-",""),8))
```

இடைவெளியும் சிறுகோடும் போய், முன்னால் `+65` இருந்தால் அதுவும் விழுந்து, எட்டு இலக்கங்கள் மட்டும் நிற்கும். ஒரே கட்டத்தில் இரண்டு எண்களை எழுதியவர்கள் இருந்தால் இரண்டாவதுதான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். அவற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

பொங்கோல் அப்பா · ஞாயிற்றுக்கிழமை, காலை 9.05

எங்களுக்கும் இதே தொல்லைதான். பாலர் பள்ளிப் பெற்றோரிடையே நாங்கள் நடத்திய ஆய்வு ஏப்ரல் 5, 6, 12, 13 ஆகிய நான்கு நாள்களில் மட்டுமே நடந்தது. விரிதாளைத் திறந்து தேதி வாரியாக அடுக்கினால் மே 4, ஜூன் 4, டிசம்பர் 4 என்று வருகிறது. 13ஆம் தேதி மட்டும் சரியாக இருக்கிறது. 13ஆம் தேதியைத் தவிர மற்றவை எல்லாம் பழுதென்று நீக்கிவிட்டுத் தாளிலிருந்து மறுபடி தட்டெழுதலாமா? அக்கா சொல்லும் வெறுமை எங்களிடம் இல்லை.

பழைய களப்பணியாளர் · ஞாயிற்றுக்கிழமை, காலை 9.50

தம்பி, உங்களுடையது வேறு கோளாறு. ஆனால் தீர்வு எளிது, மறுபடி தட்டெழுத வேண்டாம். உங்கள் விரிதாளின் வட்டார அமைப்பு `United States` என்று இருந்திருக்கும். `05/04/2025` என்று நீங்கள் எழுதியதை அது மே 4 என்று படித்துவிட்டது. `13/04/2025` என்பதில் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. கட்டத்தில் அது இடப்புறம் ஒட்டி நிற்கும். மற்றவை வலப்புறம் ஒட்டி நிற்கும். நீங்கள் சரியென்று நினைக்கும் 13ஆம் தேதிதான் விரிதாளுக்குத் தேதியாகவே தெரியவில்லை. வட்டாரத்தை இப்போது நாள், மாதம், ஆண்டு என எழுதும் நாட்டுக்கு மாற்றினாலும், ஏற்கெனவே தவறாகப் படித்து வைத்த தேதிகள் திருந்தா. இதைப் பயன்படுத்துங்கள்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

நாளும் மாதமும் இடம் மாறி, நான்கு நாள்களும் ஏப்ரலுக்குத் திரும்பிவிடும். ஆய்வு நடந்த நாள்கள் உங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் பிழை கண்ணில் பட்டது. பிறந்த தேதியில் இதே கோளாறு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஈசூன் தொண்டூழியர் · ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.20

அக்கா, எண்ணிப் பார்த்துவிட்டேன். எண் இல்லாத வரிசைகள் 27. அவற்றில் 26 நீங்கியிருக்கின்றன. மீதி 44 வரிசைகள் எண் ஒத்ததால் நீங்கியவை. நீங்கள் அஞ்சியது போலவேதான் நடந்திருக்கிறது: மூலக் கோப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் 96 பேர், நீக்கிய பிறகு 51 பேர். நீங்கிய 70 பேரில் 45 பேர் மூத்தவர்கள். அந்தக் கோப்பை வைத்து வரைபடம் போட்டிருந்தால், எங்கள் வட்டாரத்தில் தமிழ் தேய்ந்துவிட்டது என்று பொய்யாக எழுதியிருப்போம்.

வயதுக்கு வருகிறேன். தாள் படிவத்தில் வயது என்றும், இணையப் படிவத்தில் பிறந்த ஆண்டு என்றும் கேட்டிருக்கிறோம். சேர்க்கும்போது இரண்டும் ஒரே நெடுவரிசைக்குப் போய்விட்டன. நான்கு இலக்கம் இருந்தால் ஆண்டு, இரண்டு இலக்கம் இருந்தால் வயது என்று பிரித்துவிடலாமா?

பழைய களப்பணியாளர் · ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.10

தாளிலிருந்து வந்த இரண்டு இலக்கங்களுக்கு அது பொருந்தும். இணையத்திலிருந்து வந்த இரண்டு இலக்கங்களுக்குப் பொருந்தாது. பிறந்த ஆண்டு என்று கேட்ட இடத்தில் `65` என்று எழுதியவர் 1965இல் பிறந்ததைச் சுருக்கி எழுதியிருக்கலாம், கேள்வியைச் சரியாகப் படிக்காமல் வயதையும் எழுதியிருக்கலாம். இந்த எண்ணைப் பார்த்து எந்தச் சூத்திரமும் குறை சொல்லாது. `203` போன்றவை தாமாகவே கண்ணில் படும். தாளை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். இயல்பாகத் தோன்றும் தவறுக்குத்தான் உழைக்க வேண்டும்.

அதற்கு ஒரே வழி, அதே வரிசையில் உள்ள வேறு விடையோடு பொருத்திப் பார்ப்பது. சிங்கப்பூரில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறீர்கள் என்ற கேள்வி உங்கள் படிவத்தில் இருக்கிறதா? கடைக்குட்டிப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது?

ஈசூன் தொண்டூழியர் · ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.00

இரண்டும் இருக்கின்றன. இணையத்தில் இரண்டு இலக்கம் எழுதியவர்கள் 19 பேர். நீங்கள் சொன்ன `65` வரிசையில் வசித்த ஆண்டுகள் `62` என்று இருக்கிறது.

பழைய களப்பணியாளர் · ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.25

அப்படியானால் அந்த ஒன்று தீர்ந்தது. 1965இல் பிறந்தவருக்கு 2025 ஏப்ரலில் வயது 59 அல்லது 60தான்; அவர் 62 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க முடியாது. ஆகவே `65` என்பது வயது. மூன்று வயதில் இங்கே வந்து சேர்ந்தவராக இருக்கலாம். மற்ற 18 பேரையும் இதே போல ஒவ்வொருவராகப் பாருங்கள். `52` என்று எழுதியவரின் பிள்ளை தொடக்கநிலை 2இல் படித்தால், அவர் 1952இல் பிறந்து 72 அல்லது 73 வயதானவர் என்பதைவிட, 52 வயதானவர் என்பதே பொருந்தும்; ஆனால் பேரப்பிள்ளையை வைத்து நிரப்பிய தாத்தாவாகவும் இருக்க இடமுண்டு. அப்படி இரு பக்கமும் இழுக்கிற வரிசைகளை ஊகித்து நிரப்பாதீர்கள். தெரியாது என்று குறித்துவிடுங்கள்.

தெரியாது என்று குறிக்கும் குறியீட்டிலும் கவனம் வேண்டும். தட்டெழுதியவர்கள் பழக்கத்தில் `99` போட்டிருப்பார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வியில் 99 நடக்காத எண், ஆகவே எளிதில் கண்டு விலக்கிவிடலாம். வயதில் 99 நடக்கக்கூடிய எண். சராசரி எடுக்கும்போது அது உள்ளே புகுந்துகொள்ளும். வயதில் `-9` போன்ற, எந்த மனிதருக்கும் பொருந்தாத எண்ணை வையுங்கள். கணக்கிடும்போது அதை விலக்குங்கள்.

பேரேடு ஐயா, வீட்டில் 8 பேருக்கு மேல் இருந்தால் நீக்கலாம் என்றீர்கள். நடக்காததும் அரிதாக நடப்பதும் வேறு வேறு, ஐயா. நடக்காத மதிப்பைத் தாளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம், முடியாவிட்டால் தெரியாது என்று குறிக்கிறோம். அரிதான மதிப்பைத் தாளோடு ஒப்பிட்டு, தாளும் அதையே சொன்னால் அப்படியே வைக்கிறோம். எண் பெரிது என்பதற்காக ஒருவரை நீக்குவதற்கு நமக்கு ஏது உரிமை?

பேரேடு · திங்கட்கிழமை, காலை 8.20

கணக்கேடுகளில் விலகி நிற்கும் தொகை பெரும்பாலும் தட்டெழுத்துப் பிழையாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தில் எழுதினேன். அங்கேயும் ரசீதைப் பார்க்காமல் நான் திருத்துவதில்லை என்பது உண்மைதான். தாளைப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இணையப் படிவத்துக்குத் தாளே கிடையாதே, அங்கே என்ன செய்வது?

ஈசூன் தொண்டூழியர் · திங்கட்கிழமை, இரவு 10.30

இன்று மாலை முழுவதும் இதில்தான் இருந்தேன். 19 பேரில் 16 பேரைப் பொருத்திப் பார்த்துத் தீர்த்தேன். 3 பேருக்கு `-9` போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்தேன். குடும்ப எண்ணிக்கையில் `33` என்று ஒன்றும் `11` என்று ஒன்றும் இருந்தன, இரண்டும் தாள் படிவங்கள். தாளில் `33` என்பது 3. விசை இருமுறை அழுந்தியிருக்கிறது. `11` என்பது தாளிலும் 11தான். ஓரத்தில் அண்ணன் தம்பி இரு குடும்பங்களும் ஒன்றாக இருப்பதாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். நீக்காமல் இருந்ததற்கு மகிழ்கிறேன்.

பேரேடு ஐயாவின் கேள்விக்கு விடை எனக்கும் தேவை, ஏனென்றால் இணையத்தில் குடும்ப எண்ணிக்கை `0` என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

பழைய களப்பணியாளர் · செவ்வாய்க்கிழமை, காலை 7.15

`0` என்று எழுதியவர்கள் தம்மைச் சேர்க்காமல் எண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அப்படியென்றால் `3` என்று எழுதியவர்களில் எத்தனை பேர் தம்மைச் சேர்க்காமல் எண்ணினார்கள் என்பது நமக்குத் தெரியாது. இந்த இரண்டை மட்டும் `1` என்று மாற்றினால் ஒரு தவறைத் திருத்தி, அதே தவறைச் செய்த மற்றவர்களை விட்டுவைத்ததாகும். நான் தெரியாது என்றே குறிப்பேன். அடுத்த படிவத்தில் உங்களையும் சேர்த்து என்று கேள்வியிலேயே எழுதுவேன். வேறு கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

இப்போது பிரதிகளுக்குத் திரும்பலாம். U நெடுவரிசையில் எல்லோருக்கும் பிறந்த ஆண்டு வேண்டும். தாளில் வயது எழுதியவர்களுக்கு 2025இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது ஓராண்டு முன்பின் இருக்கலாம். ஏப்ரலில் 46 வயது என்று எழுதியவர் 1979இல் பிறந்தவராகவும் இருக்கலாம், பிறந்தநாள் இன்னும் வராத 1978ஆம் ஆண்டுக்காரராகவும் இருக்கலாம். அவரே இணையத்தில் 1978 என்று எழுதியிருந்தால், நேர் ஒப்பீட்டில் இரண்டு வரிசைகளும் வேறு வேறு ஆள்களாகத் தெரியும். ஆகவே ஓராண்டு இடம் விட்டு ஒப்பிட வேண்டும். V நெடுவரிசையில் பாலினம் இருந்தால், W நெடுவரிசையில் இதை எழுதுங்கள்:

```
=IF(T2="","",COUNTIFS($T$2:$T$432,T2,
 $U$2:$U$432,">="&U2-1,
 $U$2:$U$432,"<="&U2+1,
 $V$2:$V$432,V2))
```

தொடக்கத்தில் உள்ள `IF(T2=""` மிக முக்கியம்; அது இல்லாவிட்டால் எண் இல்லாத 27 பேரும் மறுபடியும் ஒருவரையொருவர் பிரதி என்று காட்டுவார்கள். இந்தச் சூத்திரம் எதையும் நீக்காது. 2 அல்லது அதற்கு மேல் வந்த வரிசைகளை வடிகட்டி, அருகருகே வைத்துப் பெயரையும் வட்டாரத்தையும் விடைகளையும் வாசித்து, நீங்களே முடிவு செய்ய வேண்டும். `-9` போட்ட மூவரின் ஆண்டை இது நம்பிவிடும், அவர்களைத் தனியாகப் பாருங்கள்.

பெயர் ஒப்பீட்டைச் சூத்திரத்தில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ஒரே அம்மா தாளில் `Letchumi` என்றும் இணையத்தில் `Lakshmi` என்றும் எழுதுவார். ஒரே ஆள் ஓரிடத்தில் `s/o` சேர்த்தும் இன்னோரிடத்தில் தலைப்பெழுத்தோடும் எழுதுவார். நம் பெயர்களைக் கண்ணால்தான் ஒப்பிட முடியும்.

எழுத்துச் சீர் · செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 1.10

இந்த இழையைப் படித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. வட்டாரத்தின் பெயரைத் தமிழில் எழுத விட்டிருந்தால், வடிகட்டிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பொங்கோல் இரண்டு முறை வந்திருக்கக் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. `LEN` கொடுத்துப் பார்த்தால் ஒன்று 8, மற்றொன்று 10 என்று சொல்லும். ஒகர ஓகாரக் குறிகளை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையிலும் சில விசைப்பலகைகளிலும் பிரிந்த வடிவம் வருகிறது. பொங்கோல் என்ற சொல்லில் இரண்டு இடங்களில் அது வருவதால் இரண்டு எழுத்து கூடுகிறது. தோ பாயோவிலும் அப்படித்தான். ஈசூனுக்கும் தெம்பனிசுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(D2,
 UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)),
 UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019)))
```

இது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டையும் காலோடு சேர்த்துவிடும், முன்பின் இடைவெளியையும் நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய உரையில் முறியாத இடைவெளி இருந்தால் `TRIM` அதைத் தொடாது. `UNICHAR(160)` என்பதைச் சாதாரண இடைவெளியாக முதலில் மாற்ற வேண்டும்.

ஈசூன் தொண்டூழியர் · புதன்கிழமை, இரவு 9.45

ஐயா, அப்படியே இருந்தது! பொங்கோல் என்று 14 பேர், பொங்கோல் என்று 5 பேர். இரண்டும் சேர்ந்துவிட்டன.

பிரதிகளின் கணக்கு இது. எண்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு, எண் ஒத்த கூடுதல் வரிசைகள் 44இலிருந்து 50 ஆயின. `+65` போட்டும் இடைவெளி விட்டும் எழுதிய 6 வரிசைகள் முன்பு தப்பியிருக்கின்றன. அந்த 50இல் 32 ஒரே குடும்பத்தின் வேறு ஆள்கள், 14 உண்மையான பிரதிகள். 4 வரிசைகளை என்னால் முடிவு செய்ய இயலவில்லை; எண்ணும் பாலும் ஒன்று, ஆண்டு ஒன்று அல்லது ஓராண்டு வேறுபாடு, பெயர்கள் பாதி ஒத்தும் பாதி ஒவ்வாமலும் இருக்கின்றன. அக்காள் தங்கையோ இரட்டையரோ என்று ஐயம். அவற்றை விட்டுவைத்திருக்கிறேன். எண் இல்லாத 27 பேரைப் பெயர் வாரியாக அடுக்கிக் கண்ணால் பார்த்தேன். பிரதி எதுவும் இல்லை. ஆக 70 பேரை நீக்கிய இடத்தில், நீக்க வேண்டியவை 14 வரிசைகள்தான். 417 வரிசைகள் எஞ்சுகின்றன. அந்தத் தங்கையின் தாயார் மீண்டும் பட்டியலில் இருக்கிறார்.

ஆனால் அந்த 14 இணைகளில் ஐந்தில், தாளிலும் இணையத்திலும் சொன்ன விடைகளே மாறியிருக்கின்றன. வீட்டு மொழி என்ற இடத்தில் தாளில் தமிழ், இணையத்தில் ஆங்கிலம். எதை வைப்பது?

பேரேடு · வியாழக்கிழமை, காலை 8.05

பிந்தியதை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் இரண்டாம் முறை நிரப்புகிறார் என்றால், முதல் விடையைத் திருத்த விரும்புகிறார் என்றுதான் பொருள்.

பழைய களப்பணியாளர் · வியாழக்கிழமை, காலை 8.40

எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஐயா. மேசையில் தமிழ் பேசும் தொண்டூழியர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தமிழ் என்று சொல்வது எளிது. அதனால் தாள் விடை பொய் என்றும் ஆகாது, இணைய விடை திருத்தம் என்றும் ஆகாது. நான் எல்லா இணைகளுக்கும் ஒரே விதியை, விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, எழுதி வைப்பேன். முந்தியதை வைப்பது என் வழக்கம். பிறகு பிந்தியதை வைத்தும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பேன். 417இல் ஐந்து வரிசைகளால் பெரிய மாற்றம் வராது. வந்தால் அதையும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

மொழி மாணவி · வியாழக்கிழமை, இரவு 11.00

வணக்கம். வீட்டு மொழி நெடுவரிசையை எப்படிக் குறியீடு செய்தீர்கள்? எங்கள் வகுப்புத் திட்டப்பணியில் நாங்கள் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். `Tamil`, `tamil`, `Thamizh`, `தமிழ்` எல்லாவற்றையும் கண்டுபிடித்து மாற்றும் கட்டளையால் `1` என்ற ஒரே குறியீடாக மாற்றினோம். பிறகு பார்த்தால் `Tamil/English` என்று எழுதியவர்களின் கட்டத்திலும் பாதி மாறி, `1/English` என்று நின்றது.

ஈசூன் தொண்டூழியர் · வெள்ளிக்கிழமை, இரவு 10.10

மாற்றும் கட்டளையை நான் தொடவில்லை. தனித் தாளில் `UNIQUE` கொடுத்து, வேறுபட்ட விடைகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டேன், 61 வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையால் குறியீட்டை எழுதி, வேலை செய்யும் படியில் இந்தப் பட்டியலைத் தேடும் சூத்திரத்தை வைத்தேன். கடைசியில் `FALSE` எழுதாவிட்டால் நெருங்கிய விடையை எடுத்துத் தவறாகக் காட்டும் என்பதை ஓர் அரை மணி நேரம் தொலைத்த பிறகு அறிந்தேன்.

```
=VLOOKUP(TRIM(H2),'குறியீடு'!$A$2:$B$62,2,FALSE)
```

எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளெல்லாம் எளிதாக முடிந்தன. நான் நிற்கும் இடம் வேறு. `Tamil/English`, `English/Tamil`, பிள்ளைகளோடு ஆங்கிலம் மாமியாரோடு தமிழ், இப்படி எழுதியவர்கள் 58 பேர். நாங்கள் கேட்டது அதிகம் பேசும் மொழி ஒன்றைத்தான்.

மொழி மாணவி · சனிக்கிழமை, காலை 10.30

முதலில் எழுதிய மொழியையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனத்தில் முதலில் வருவதைத்தான் மக்கள் முதலில் எழுதுகிறார்கள்.

பழைய களப்பணியாளர் · சனிக்கிழமை, காலை 11.15

நான் அப்படிச் செய்யத் துணியமாட்டேன், மகளே. ஒன்றைக் கேட்டோம், இரண்டைச் சொன்னார்கள். அதுவே ஒரு விடை. தமிழும் ஆங்கிலமும் என்று தனிக் குறியீடு கொடுத்து, யாரோடு எந்த மொழி என்று விளக்கியவர்களுக்கு இன்னொன்று கொடுக்கலாம். நீங்களும் ஈசூன் தங்கையும் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் அந்த 58 விடைகளையும் தனித்தனியே குறியுங்கள். பிறகு ஒப்பிட்டு, எங்கெல்லாம் வேறுபட்டீர்கள் என்று பாருங்கள். வேறுபாடு ஒரே வகை விடையில் குவிந்திருந்தால், குறியீட்டு விதியில்தான் ஓட்டை இருக்கிறது.

ஈசூன் தொண்டூழியர் · திங்கட்கிழமை, இரவு 9.20

செய்து பார்த்தோம். 58இல் 11இல் வேறுபட்டோம். அந்த 11இல் 9, பிள்ளைகளோடு ஒன்று பெரியவர்களோடு ஒன்று என்று எழுதியவை. இரண்டு தலைமுறைகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது வீட்டு மொழி எது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. இப்போதைக்கு இருவரின் குறியீடுகளையும் இரண்டு நெடுவரிசைகளாக வைத்திருக்கிறேன். அந்த ஒன்பது விடைகளையும் ஆள் விவரம் இல்லாமல் நாளை இங்கே இடுகிறேன். படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.